அக்காவின் எட்டுக் கேள்விகள்

போன மாதம் ஒரு புதன்கிழமை. கண் பரிசோதனைக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்த அக்கா தஞ்சாவூரில் என் வீட்டில் தங்கியிருந்தாள். காலை ஐந்தேமுக்காலுக்குப் பால் காய்ச்சப் போனபோது, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.

"நீ டீச்சர்தானே. இதப் படிச்சிட்டுச் சொல்லு. அனுப்பினா கோச்சுப்பானா?"

அவள் மகனுக்கு 29 வயது. புனேயில் தனியாக இருக்கிறான். அதற்கு முந்தைய மாதம் இவள் அனுப்பிய ஒரு மெசேஜுக்கு "ம்மா ப்ளீஸ்" என்று பதில் போட்டவன், அப்புறம் நாலு நாள் பேசவில்லை. அந்த நாலு நாள் இவளுக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும், தினமும் எனக்குத்தான் போன் வந்தது. அதனால்தான் இந்த முறை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள்.

மெசேஜை அப்படியே தருகிறேன். (அக்கா இந்தக் கட்டுரையைப் படித்து, "போட்டுக்க, பேர மட்டும் போடாத" என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன்.)

"டேய் எத்தன தடவ போன் பண்றது. பாத்துட்டும் பேசாம இருக்க. ராத்திரி 1.40க்கு ஆன்லைன்ல இருந்தியே அப்ப அம்மா ஞாபகம் வரலையா. எத்தன மணிக்குத் தூங்கின. சாப்டியா. ராத்திரில பரோட்டா வாங்கித் திங்காதன்னு எத்தன தடவ சொல்றது. அதான் நெஞ்சு எரியுது. டாக்டர்ட்ட போனியா இல்லையா. போயிருக்க மாட்ட. நான் சொன்னா எங்க கேக்கப் போற. ஒரு மெசேஜாவது போடலாம்ல. மாடி வீட்டுப் பையன் துபாய்ல இருந்து தினம் அவங்கம்மாகிட்ட பேசறான். காலகாலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா பாத்துக்க ஒருத்தி இருந்திருப்பா. இன்னிக்கு லீவு போட்டுட்டு டாக்டரப் பாத்து ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. நான் இருக்கற வரைக்கும்தான் கேப்பேன். அப்புறம் கேக்க ஆளிருக்காது."

படித்ததும் நான் முதலில் செய்தது, கேள்விகளை எண்ணியது. பழக்கதோஷம். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை, ஆனால் கேள்விகள் எட்டு. எத்தன தடவ போன் பண்றது, ஞாபகம் வரலையா, எத்தன மணிக்குத் தூங்கின, சாப்டியா, எத்தன தடவ சொல்றது, போனியா இல்லையா, எங்க கேக்கப் போற, போடலாம்ல.

பத்தாம் வகுப்பில் வினா ஆறு வகை என்று வருடா வருடம் நடத்துகிறேன். நன்னூலில் வருவது. அறிவினா என்பது விடை தெரிந்தே கேட்பது, வகுப்பில் ஆசிரியர் கேட்பதைப் போல. அறியா வினா என்பது தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஏவல் வினா என்பது கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே கட்டளையாக இருப்பது. "வீட்டில் தக்காளி இல்லை. நீ கடைக்குச் செல்கிறாயா?" என்று அக்கா தம்பியிடம் கேட்பதைப் பாடப்புத்தகம் உதாரணமாகத் தருகிறது. மற்ற மூன்றும் இங்கே வேண்டாம்.

அக்காவின் எட்டையும் இந்த வகைகளில் பிரித்துப் பார்த்தேன். அவன் 1.40 வரை விழித்திருந்தான் என்று அவளுக்கே தெரியும், ஆகவே "எத்தன மணிக்குத் தூங்கின" அறிவினா. "போனியா இல்லையா"வுக்குப் பதிலை அவளே அடுத்த வரியில் எழுதிவிட்டாள். "போடலாம்ல" ஏவல். "சாப்டியா" ஒன்றைத்தான் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. தமிழ் அம்மாக்களின் "சாப்டியா"வுக்கு நன்னூலார் தனி வகை வைத்திருக்கலாம். மீதியெல்லாம் கேள்வி உடுப்பில் வந்த குற்றச்சாட்டுகள். எட்டில் ஒன்றுகூட உண்மையான அறியா வினா இல்லை. அதாவது, இந்த மெசேஜைப் பெறுகிறவன் அம்மாவுக்குத் தெரியாத எதையும் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்து நின்றால் போதும். 29 வயதில் அதைச் செய்யப் பிடிக்காமல் போனைக் கவிழ்த்து வைக்கிறான். அம்மாவோ பதில் வராததை இன்னும் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொண்டு இன்னும் எட்டுக் கேள்வி எழுதுகிறாள்.

"இதுல உனக்கு நிஜமாவே தெரியாதது என்ன?" என்று கேட்டேன்.

அக்கா டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஞாயித்துக்கிழம பேசறப்ப நெஞ்சு எரியுதுன்னான். என்னடான்னு கேட்டா, கேஸ்தான்மான்னு சொன்னான்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. 2017இல் அத்தான் ஒரு ராத்திரி நெஞ்சைத் தடவிக்கொண்டே "கேஸ்தான்" என்றார். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். விடியவில்லை. அப்போது அவருக்கு வயது 52. மகன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தான்.

மெசேஜைத் திரும்பப் படித்தேன். பரோட்டா இருக்கிறது, துபாய் பையன் இருக்கிறான், கல்யாணம் இருக்கிறது. அத்தான் இல்லை. அந்தக் "கேஸ்தான்" இல்லை. மூன்று நாளாக அவளைத் தூங்கவிடாத ஒரே விஷயத்தை எழுதாமல், அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். நச்சரிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பயத்தைச் சொல்ல வாய் வராது, குறை சொல்ல வரும்.

இத்தனைக்கும் அவள் பயம் வெற்றுப் பயம் இல்லை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதைக் குடும்ப வரலாறாக மருத்துவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். நெஞ்செரிச்சல் பெரும்பாலும் அமிலம்தான் என்றாலும், இவன் போய் ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பது நியாயம். ஆக, கேட்க வேண்டியது சரியானது. கேட்ட விதத்தில்தான் அது காணாமல் போயிற்று.

தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் நான் எழுதிய வடிவம் படுதோல்வி. "அன்பு மகனே, நீ நலமாக இருக்கிறாயா? உன் வேலைப்பளு எனக்குப் புரிகிறது. முடிந்தால், உனக்குச் சிரமம் இல்லையென்றால், தயவுசெய்து ஒருமுறை மருத்துவரைப் பார்க்க முடியுமா?" என்கிற ரீதியில் போயிற்று. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "இதப் பாத்தா பயந்துடுவான். அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அடுத்த பஸ்ஸப் புடிப்பான்."

அவள் சொன்னது சரி. இந்த மாதிரி விஷயங்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனை, கட்டளையாகச் சொல்லாதே, வேண்டுகோளாகச் சொல் என்பது. தமிழில் ஒரு அம்மா மகனிடம் "தயவுசெய்து" என்றால் அது மரியாதை இல்லை, கோபம். "சரிப்பா, நீங்க பெரிய மனுஷன்" என்பதற்குப் பக்கத்து வீடு. நம் வீடுகளில் ஏவல் வினை சுடுசொல் ஆகாது. "மோர் குடி", "வெயில்ல அலையாத" என்றெல்லாம் கட்டளையாகத்தான் பிரியத்தைச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அந்த "டா"வை எடுத்துவிட்டால் அம்மாவே போய்விடுகிறாள்.

அப்படியானால் சுடுவது எது? சிவப்புப் பேனாவோடு வரிவரியாகப் பார்த்தேன்.

"ஒரு மெசேஜாவது போடலாம்ல." இங்கே சுடுவது "ஆவது". மற்றதெல்லாம் நீ செய்யவில்லை, இந்தக் கடைசி அற்பத்தையும் செய்யவில்லை என்கிற முழுக் கணக்கும் அதில் இருக்கிறது. வெறும் "ஒரு மெசேஜ் போடு" என்பது அதைவிட மென்மை, நேரடிக் கட்டளையாக இருந்தும். "ஆன்லைன்ல இருந்தியே" என்பதில் "ஏ". தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருளில் முதலாவது தேற்றம், உறுதி. இங்கே அந்த உறுதி சாட்சிக் கூண்டில் ஆதாரத்தை நீட்டுகிற வேலையைச் செய்கிறது. "பாத்துட்டும் பேசாம" என்பதில் ஒரு "உம்". எல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்து, மிஞ்சினால் மூவெழுத்து. ஆனால் பையன் "ம்மா ப்ளீஸ்" என்று சொல்வது இவற்றுக்குத்தான்.

அப்புறம் வினைகள். இதுதான் எனக்கே புதிதாகப் பட்டது. அக்காவின் மெசேஜில் கடைசிக் கட்டளை "ரிப்போர்ட்ட அனுப்பு". செய்கிறவன் அவன், பலன் போய்ச் சேருகிற இடம் அவள். தமிழில் இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு துணைவினை இருக்கிறது: கொள். "எடு" வேறு, "எடுத்துக்கொள்" வேறு. "மாத்திரை போடு" என்பதைவிட "மாத்திரை போட்டுக்க" இதமாக இருப்பதற்குக் காரணம், அந்தச் செயல் உனக்கானது, உன்னிடமே இருக்கட்டும் என்று அது சொல்வதுதான். "பாத்து" என்பதற்கும் "பாத்துக்க" என்பதற்கும் உள்ள தூரம்தான் இது. எனவே இசிஜி எடுத்துக்க, அனுப்ப வேண்டாம் என்று எழுதினேன்.

அக்கா உடனே சண்டைக்கு வந்தாள். "அனுப்பலைன்னா எடுத்தானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் சொன்னா தெரியும்."

"சொல்லலைன்னா?"

இதற்கு நான் சமாளித்துத்தான் பதில் சொன்னேன். சொல்லாவிட்டால் தெரியாதுதான். அந்தத் தெரியாமையைத் தாங்க முடியாததுதான் மொத்தப் பிரச்சினையும்.

துபாய் பையனை அடித்தேன், அவள் மறுக்கவில்லை. கல்யாணத்தை அடித்தபோது மட்டும், "அது தனியா ஒரு நாள்" என்று வாங்கிவைத்துக்கொண்டாள். "நான் இருக்கற வரைக்கும்தான்" என்ற கடைசி வரிக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் பயிற்சி ஒன்றில் பிரையன் பார்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொல்லித்தந்தார்கள். பிள்ளையின் நடத்தைக்கு வரம்பு வைப்பது வேறு, குற்றவுணர்வை ஊட்டியோ அன்பை விலக்கிக்கொண்டோ அவன் மனத்தைப் பிடித்து இழுப்பது வேறு என்பார் அவர். அக்காவின் கடைசி வரி இரண்டாவது வகை. சொன்னேன். "எங்கம்மா தினம் சொன்னதுதானே அது" என்றாள். எங்களுடைய அம்மா. ஆமாம், தினம் சொன்னாள். நாங்கள் இருவருமே அதைக் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய்விடுவோம்.

1.40 விவகாரத்துக்குத்தான் நேரம் பிடித்தது. வாட்ஸ்அப்பில் நம்முடைய "லாஸ்ட் சீன்" நேரத்தை மறைத்துவிட்டால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாது. அப்படிச் செய்துவிடு, நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவள் போனை வாங்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். அதுல டைம் மாறியிருந்தா உசுரோட இருக்கான்னு அர்த்தம். ராத்திரி ரெண்டு தடவ எழுந்து பாப்பேன். 1.40னு பாத்ததும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு."

நான் அதை வேவு பார்ப்பது என்று நினைத்திருந்தேன். அவள் நாடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அப்ப அத எழுதேன், ஆன்லைன்ல பாத்தேன், அப்பாடான்னு இருந்ததுன்னு" என்றேன். யோசித்தாள். வேண்டாம் என்றாள். எப்படிச் சொன்னாலும் ராத்திரியெல்லாம் அம்மா கண்காணிக்கிறாள் என்றுதான் அவனுக்குப் படும் என்றாள். அவள் மகனைப் பற்றி அவளுக்கு என்னைவிடத் தெரியும். விட்டுவிட்டோம்.

கடைசியில் அத்தான். "அவன்கிட்டப் போய் அத எப்படி எழுதறது?" என்றாள். பிறகு அவளே ஒரு வரி தட்டிக் காட்டினாள்: "உன்னால எனக்குத் தூக்கமே இல்ல, பிபி ஏறுது." பயம் வெளியே வந்தது உண்மை, ஆனால் வந்த வழியில் "உன்னால" என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, பிபியையும் எடுத்துவிட்டு, அன்று நடந்ததை மட்டும் ஒரு வரி எழுதச் சொன்னேன். அந்த வரியை அவள் எழுதியபோது நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆறரைக்கு முடிந்த வடிவம் இது. பாதிக்கு மேல் அவள் எழுதியது.

"டேய் தம்பி, ஞாயித்துக்கிழம நெஞ்சு எரியுதுன்னியே, இப்ப எப்படி இருக்கு? அப்பாவும் அன்னிக்கு கேஸ்தான்னுதான் சொன்னார். அந்த வார்த்தையக் கேட்டதுலேர்ந்து எனக்கு பக்குனு இருக்கு. உனக்கு ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் இந்த வாரத்துல என்னிக்காவது போய் ஒரு இசிஜி எடுத்துக்க. அப்பா விஷயத்த டாக்டர்ட்ட சொல்லு. எங்க எப்பங்கறத நீ பாத்துக்க. வேலையா இருந்தா பேச வேணாம், எப்படி இருக்குன்னு ஒரு வரி போடு. ராத்திரில அந்தப் பரோட்டா வேணாம்டா."

கடைசி வரி அவள் பிடிவாதம். அது இல்லாவிட்டால் நான் எழுதிக் கொடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவானாம். இருக்கட்டும் என்று விட்டேன். ஒரு மெசேஜில் ஒரு திட்டு இருக்கலாம், அப்போது அது திட்டாகவே தெரியாது.

உன்னிப்பாகப் படிக்கிறவர்கள் "என்னிக்காவது" என்பதில் அதே "ஆவது" திரும்ப வந்திருப்பதைப் பிடித்திருப்பீர்கள். நானும் பிடித்தேன், வைத்துக்கொண்டேன். "மெசேஜாவது" என்றபோது குறுக்கிப் பிடித்த சொல், நாளோடு சேரும்போது எந்த நாள் என்பதை அவனிடம் விட்டுவிடுகிறது. "எரியுதுன்னியே"யில் ஏகாரமும் இருக்கிறது. ஆனால் இது அவன் தானாகச் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிற ஏகாரம், அவனைக் கையும் களவுமாகப் பிடித்தது இல்லை. சொல்லைத் தடை செய்து பயனில்லை. எதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

உடனே அனுப்ப வேண்டாம் என்றேன். ஆறரைக்கு அம்மாவிடமிருந்து மெசேஜ் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஒன்பது மணிக்கு அனுப்பினாள். ஒன்பதரை வரை போனை மேசையில் நேராக வைத்து, திரை அணையும்போதெல்லாம் தொட்டு எழுப்பிக்கொண்டே இருந்தாள். பத்தேகாலுக்குப் பதில் வந்தது.

"இப்ப பரவால்லமா. சனிக்கிழம போறேன். அப்பா அன்னிக்கு என்னதான் சொன்னார்? எனக்கு யாருமே முழுசா சொன்னதில்ல."

எட்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. விடுதியிலிருந்து அவன் வந்து சேரும்போது வாசலில் பந்தல் போட்டிருந்தது. அவன் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. அக்கா பதில் தட்டப் பார்த்தாள், இரண்டு தடவை அழித்தாள், பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இட்லி ஆறிப்போய் நான் திரும்ப அவிக்க வைத்த பிறகுதான் இறங்கி வந்தாள்.

சனிக்கிழமை அவன் போகவில்லை. இதை எழுதாமல் விட்டால் கதை நன்றாக இருக்கும், ஆனால் போகவில்லை. உண்மையில் அன்றுதான் சோதனையே. கேட்டது வேண்டுகோளா கட்டளையா என்பது, மற்றவர் செய்யாமல் விட்டபிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை கும்பகோணத்திலிருந்து போன். "அதான் எனக்குத் தெரியுமே, நீ போக மாட்டன்னு" என்று எழுதி, அழித்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தாள். "அழிச்சிட்டேன். இப்ப என்ன எழுத?" கொஞ்ச நேரம் பேசி, "சனிக்கிழம முடியலையா? இந்த வாரம் எப்ப தோதுப்படும்?" என்று முடித்தோம். வேறு எதுவும் இல்லை. எனக்கே அது மொட்டையாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை போனான். இசிஜி சாதாரணம். டாக்டர் குடும்ப வரலாற்றைக் குறித்துக்கொண்டு கொழுப்புப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார், அமிலத்துக்கு இரண்டு வாரம் மாத்திரை, ராத்திரி பத்து மணிக்கு மேல் எண்ணெய்ப் பண்டம் கூடாது. சீட்டை அவனே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான், யாரும் கேட்கவில்லை.

அதற்கு அக்கா என்னைக் கேட்காமல் ஒரு பதில் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்துத்தான் காட்டினாள்.

"பரோட்டா வேணாம்னு டாக்டர் இப்ப சொன்னாரா, நான் எப்பலேர்ந்து சொல்றேன்?"

சுத்தமான அறிவினா. கீழே அவன் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளாக நாலு போட்டிருந்தான்.